பதின்மூன்று பேர் எழுதிய நூலுக்குப் பொருளடைவு போட்ட அனுபவம்

பொருளடைவு என்று சொன்னாலே பாதிப் பேர் பொருளடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முன்னால் வருவது பொருளடக்கம். நான் சொல்வது நூலின் கடைசியில், அகரவரிசையில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று காட்டுகிற பட்டியல். ஆங்கில ஆய்வு நூல்களில் அது இல்லாவிட்டால் மதிப்புரைக்காரர்கள் திட்டுவார்கள். நம் தமிழ் நூல்களில் அது இருந்தால்தான் ஆச்சரியம்.

பினாங்கில் மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவன் நான். மலாயாத் தோட்ட வாழ்க்கை பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பு மெய்ப்புக்கு வந்தது: 13 கட்டுரைகள், 13 பேர், 331 பக்கம். தொகுப்பாசிரியர் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். ஒருநாள் ஃபெர்ரியில் இந்தப் பக்கம் வந்தவர், லிட்டில் இந்தியாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "தம்பி, கடைசியில 12 பக்கம் காலியா வெச்சிருக்கேன், அடைவு நீங்களே போட்டுருங்க" என்றார். ஒரு வாரம் போதும் என்று நினைத்துத் தலையாட்டினேன். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்து ஐந்து வாரம் ஆனது.

முதலில் குறுக்கு வழிதான் தேடினேன். பிடிஎப்பில் சொல்லைத் தேடிப் பக்க எண்ணை எழுதிவிடலாம் என்று பார்த்தால், அச்சகத்தில் பழைய எழுத்துருவில் கோத்திருக்கிறார்கள், நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வருகிறது. அப்போது எரிச்சலாக இருந்தது, பிறகு யோசித்தால் அது நல்லதுக்குத்தான். தேடல் சொல்லைத்தான் பிடிக்கும், பேசப்படும் பொருளைப் பிடிக்காது. கள்ளுக்கடையைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு அந்தச் சொல்லை ஒரே ஒருமுறை பயன்படுத்தியவரும் இருக்கிறார், 'பள்ளி' என்று பத்துப் பக்கத்தில் சொல்லிவிட்டு எங்குமே பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாதவரும் இருக்கிறார்.

சரி, படிப்பதுதான் வழி என்று எக்செல்லில் ஒரு தாள் திறந்தேன். தலைச்சொல், துணைத்தலைப்பு, தொடங்கும் பக்கம், முடியும் பக்கம், கட்டுரை எண் என்று ஐந்து பத்தி. கட்டுரை எண் அடைவில் அச்சாகப்போவதில்லை. ஆனால் பல பேர் எழுதிய தொகுப்பில் அந்தப் பத்திதான் என்னைக் காப்பாற்றியது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐந்தாவது கட்டுரை முடித்த இரவு, அதுவரை போட்டதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. ஒரே விஷயம் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தது. ஒருவர் 'கள்ளுக்கடை' என்கிறார். தொழிற்சங்கம் பற்றி எழுதியவர் 'மது' என்கிறார். சம்பளக் கணக்கு எழுதியவர் 'குடிச் செலவு' என்கிறார். சென்னையிலிருந்து எழுதியவருக்கு மண்டோர் என்ற சொல்லே தெரியாது, 'மேஸ்திரி' என்று எழுதிவைத்திருக்கிறார். ரப்பர் மரத்தை நம் ஊர்க்காரர்கள் 'பால்மரம்' என்கிறார்கள், அவர் 'ரப்பர்' என்கிறார். ஒருவரே எழுதிய நூலில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது, ஏனென்றால் அவருக்கென்று ஒரு சொல் இருக்கும், அதையே கடைசி வரை பிடித்துக்கொண்டு போவார். தொகுப்பில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு தனி ஊர் மாதிரி. அடைவு போடுகிறவன் அந்தந்த ஆசிரியரின் சொல்லையே எடுத்துக்கொண்டு போனால் கடைசியில் 13 குட்டி அடைவுகளை அகரவரிசையில் கலந்து வைத்த மாதிரிதான் இருக்கும். 'மது' என்று தேடுகிற வாசகருக்கு ஒரு பக்க எண் கிடைக்கும், அவ்வளவுதான் என்று நூலை மூடிவிடுவார், மீதி இருபது பக்கம் வேறு எழுத்தில் ஒளிந்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அங்கேயே நிறுத்திவிட்டு, தனித் தாளில் ஒரு சொற்பட்டியல் தொடங்கினேன். இடப்பக்கம் நான் தேர்ந்தெடுத்த தலைச்சொல், வலப்பக்கம் அதற்கு 13 பேரும் பயன்படுத்திய மற்ற எல்லாச் சொல்லும். வலப்பக்கச் சொற்கள்தான் பிறகு 'காண்க' ஆகும். கட்டுரையாளர்கள் கொடுத்திருந்த திறவுச்சொற்களையும் கேட்டு வாங்கினேன். அவை தலைச்சொல்லுக்குப் பெரிதாக உதவவில்லை (ஒருவர் கொடுத்தது 'சமூகம், வரலாறு, பண்பாடு', இதை வைத்து நான் என்ன செய்ய?). வலப்பக்கத்தை நிரப்ப மட்டும் உதவின.

கள் விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன். தலைச்சொல்லாக 'மது' வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன், எல்லாவற்றையும் அடக்கும் சொல் என்பதால். ஆனால் நூலில் பேசப்படுவது பெரும்பாலும் தோட்டத்துக் கள், உரிமம் பெற்ற கடையில் விற்றது. சம்சு வேறு, அது காய்ச்சிய சரக்கு, பெரும்பாலும் திருட்டுத்தனமாக வந்தது, ஒன்பதாவது கட்டுரை அதை மட்டும் தனியாகப் பேசுகிறது. இரண்டையும் 'மது'வுக்குள் போட்டால் ஆசிரியர்கள் பிரித்ததை நான் சேர்த்துவிடுவேன். அதனால் 'கள்' ஒரு தலைச்சொல், 'சம்சு' இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் 'மேலும் காண்க'. கடைசியில் வந்தது இப்படி:

கள்
— எதிர்ப்பு இயக்கம் 258–264
— கடை நடத்திய முறை 41–46
— கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கையில் 96–97
— சம்பளத்தில் பங்கு 47, 118–119
— பெண்கள் பார்வையில் 171–178
— மேலும் காண்க: சம்சு

கள்ளுக்கடை, காண்க: கள்
குடிப்பழக்கம், காண்க: கள், சம்சு
மது, காண்க: கள், சம்சு

துணைத்தலைப்பு இல்லாமல் இதே பக்க எண்களை ஒரே வரியில் கொட்டியிருந்தால் ஆறு எண் வரும், வாசகர் ஆறு இடத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து எண்ணுக்கு மேல் போனால் பிரிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் எதற்கெல்லாம் பிரிப்பது என்று வரம்பில்லாமல் போனால் 12 பக்கம் போதாது, ஆகவே மூன்று நாலு எண் உள்ளவற்றைப் பிரிக்காமல் விட்டேன்.

இதில் கிள்ளான் வரியைக் கவனியுங்கள். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. வேலைநிறுத்தத்தைத் தேடுகிறவரும் அந்தப் பக்கத்துக்கு வரவேண்டும், கள்ளைத் தேடுகிறவரும் வரவேண்டும். ஆகவே 'கிள்ளான் வேலைநிறுத்தம் (1941)' என்ற தலைச்சொல்லின் கீழும் 'கள்ளுக்கடை மூடும் கோரிக்கை 96–97' என்று போட்டேன். இரண்டு இடத்திலும் எண்ணைக் கொடுத்துவிடுவது, இது 'காண்க' இல்லை. எங்கே எதைச் செய்வது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு எளிது: போய்ச் சேரும் இடத்தில் ஒன்றிரண்டு எண் மட்டுமே இருந்தால் வாசகரை அலையவிடாமல் இங்கேயே எண்ணைக் கொடுத்துவிடு, துணைத்தலைப்புகளோடு பெரிய குடும்பமாக இருந்தால் மட்டும் 'காண்க' போட்டு அனுப்பு. இரண்டு இடத்தில் கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 'சயாம் மரண ரயில்' என்றும் 'பர்மா ரயில் பாதை' என்றும் இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். ஒரு இடத்தில் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. பின்னால் ஏதோ ஒரு பத்தியைப் பார்த்து ஒன்றில் மட்டும் சேர்த்திருக்கிறேன்.

அடுத்து 'கூலி'. இதுதான் மண்டையைக் குடைந்தது. தமிழில் கூலி என்றால் சம்பளம். காலனி ஆவணத் தமிழில் கூலி என்றால் ஆள். கட்டுரைகளில் இரண்டும் வருகிறது, சில இடத்தில் ஒரே பக்கத்திலேயே. சம்பளப் பொருளில் வந்தவற்றை எல்லாம் 'சம்பளம்' என்ற தலைச்சொல்லுக்குக் கொண்டுபோனேன், தோட்டத்தில் பேசும் சொல்லும் அதுதான். ஆள் என்ற பொருளில் வந்தவற்றுக்கு, தொகுப்பாசிரியரிடம் கேட்டு, 'தோட்டத் தொழிலாளர்' என்று வைத்தோம். பிறகு 'கூலி' என்ற இடத்தில் அடைப்புக்குறி போட்டு இரண்டு வழி காட்டினேன்:

கூலி (ஆள்), காண்க: தோட்டத் தொழிலாளர்
கூலி (ஊதியம்), காண்க: சம்பளம்

முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாவது கட்டுரையாளர் அடைவின் வரைவைப் பார்த்துவிட்டுத் தொகுப்பாசிரியர் ஐயாவுக்கு போன் போட்டிருக்கிறார். அவர் கட்டுரையின் ஒரு பகுதியே 'கூலி' என்ற சொல் எப்படி வசவாக மாறியது என்பதுதான். நானோ அதைத் 'தோட்டத் தொழிலாளர்' என்று திருப்பிவிட்டு, அந்தச் சொல்லையே ஆய்வுப்பொருளாக எடுத்தவரின் ஆறு பக்கத்தைக் காணாமல் ஆக்கிவிட்டேன். அவர் சொன்னது சரி. ஒரு சொல்லால் ஒன்றைக் குறிப்பது வேறு, அந்தச் சொல்லையே பேசுவது வேறு. 'கூலி என்ற சொல் 281–286' என்று மூன்றாவது வரியைச் சேர்த்தேன். இப்படி இன்னும் இருக்குமோ என்று பயந்து சொற்பட்டியலின் வலப்பக்கத்தை முழுக்க மறுபடி பார்த்ததில் 'கிராணி' என்ற சொல்லின் தோற்றம் பற்றிய அரைப் பக்கமும் இதே போல அகப்பட்டது.

ஒத்த சொல் போலத் தெரிந்து ஒத்த சொல் அல்லாததும் உண்டு. ஒப்பந்த முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1910இல் நின்றது, கங்காணி மூலம் வருவது அதற்குப் பிறகும் நடந்து, 1938இல் இந்திய அரசு தடுத்த பிறகுதான் நின்றது. ஒருவர் 1920களில் வந்தவர்களை 'ஒப்பந்தக் கூலிகள்' என்று எழுதியிருந்தார். சொல்லை நம்பினால் அது ஒப்பந்த முறைக்குப் போகும், ஆண்டை நம்பினால் கங்காணி முறைக்கு. அடைவில் நானாக மாற்றிப் போட்டால் வாசகர் அந்தப் பக்கத்தைத் திறந்து குழம்புவார், அதனால் ஐயாவிடம் சொன்னேன், அவர் ஆசிரியரைக் கேட்டு மூலத்திலேயே திருத்தினார். இந்த மாதிரி விஷயங்கள் மெய்ப்புப் பார்க்கும்போது என் கண்ணில் படவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வரி வரியாகப் படிக்கும்போது தெரியாதது, இரண்டு கட்டுரையின் பக்க எண்கள் ஒரே தலைச்சொல்லின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது தெரிகிறது.

எல்லாம் சேர்ந்ததும் அகரவரிசை. இங்கே மருமகனைக் கூப்பிட வேண்டி வந்தது. தாளை வெறும் உரைக் கோப்பாக்கி வரிசைப்படுத்தினால் 'பதிவேடு' முன்னால் வந்து 'பத்திரிகைகள்' பின்னால் போகிறது. அகராதிப்படி புள்ளி எழுத்து முதலில் வரவேண்டும், 'பத்' கழிந்த பிறகுதான் 'பதி'. ஆனால் யூனிகோடில் புள்ளிக்குரிய எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. 'மனைவிமார்' 'மரண'த்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஏனென்றால் யூனிகோடில் ன-வுக்கு ந-வை அடுத்த இடம், நம் வரிசையிலோ அதுதான் கடைசி மெய். 'ஜப்பானியர் ஆட்சி' ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். "மாமா, எண் வரிசையில அடுக்குனா இப்படித்தான் வரும், நம்ம வரிசைய நாமளே சொல்லிக் குடுத்துரலாம்" என்று பைத்தானில் இதை எழுதிக் கொடுத்தான்:

```python
import unicodedata
E = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறனஜஷஸஹ"
S = "\u0bcd" + "_" + "\u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2\u0bc6\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc"

def key(w):
    k = []
    for c in unicodedata.normalize("NFC", w):
        if c in E:
            k.append([E.index(c) + 1, 1])
        elif c in S and k:
            k[-1][1] = S.index(c)
        elif c == " ":
            k.append([0, 0])
    return k
```

E வரி எழுத்து வரிசை, S வரி புள்ளியும் உயிர்க்குறிகளும், புள்ளிக்கு 0, குறி இல்லாத அகர மெய்க்கு 1. இடைவெளிக்கு எல்லாவற்றையும் விடச் சின்ன எண், அதனால் சொல் சொல்லாக அடுக்கும். அந்த NFC எதற்கு என்று கேட்டேன். 'தொழிற்சங்கம்' என் தாளில் இரண்டு தனித் தலைச்சொல்லாக நின்றது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, நான் ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்திருப்பேன். கட்டுரையாளர் ஒருவரின் திறவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டியதில் ஒகரக் குறி கொம்பும் காலுமாக இரண்டு எழுத்தாக வந்திருக்கிறது, நான் தட்டியதில் ஒரே எழுத்து. திரையில் ஒன்று, கணினிக்கு இரண்டு. NFC இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் அடுக்கும்போது மட்டும் ஒன்றாக்கினால் இரண்டும் அடுத்தடுத்த வரியில் நிற்கும், சேராது. தாளில் உள்ள சொற்களையும் ஒருமுறை அதே வழியாக ஓட்டிய பிறகுதான் சேர்ந்தது.

வரிசை சரியானதும் இன்னொரு வேடிக்கை. தோட்டக் கள்ளுக்கடை, தோட்டத் துண்டாடல், தோட்டத் தொழிலாளர், தோட்டப் பள்ளி, எல்லாம் கழிந்து கடைசியில்தான் 'தோட்டம்' வருகிறது. பிழை இல்லை, சந்தி செய்கிற வேலை. மகரம் கெட்டு க், த், ப் என்று மாறியவை எல்லாம் ம்-க்கு முன்னால்தான் வரும். ஆங்கில அடைவில் பொதுச்சொல் முதலில் நின்று கூட்டுச்சொற்கள் பின்னால் வரும், நமக்கு அப்பன் கடைசியில் வருகிறான். 'தோட்டம்' என்று தேடுகிறவர் நேராக அங்கே போய்விட்டு மேலே இருப்பவற்றைப் பார்க்காமல் விடக்கூடும் என்று 'தோட்டம்' கீழே 'மேலும் காண்க: தோட்டத் துண்டாடல், தோட்டத் தொழிலாளர், தோட்டப் பள்ளி' என்று போட்டேன். தோட்டக் கள்ளுக்கடை 'கள்'ளுக்குள் ஏற்கெனவே போய்விட்டதால் அதை அடியோடு எடுத்துவிட்டேன். தோட்டத்தொழிலாளர் என்று சேர்த்தும் தோட்டத் தொழிலாளர் என்று பிரித்தும் எழுதியிருந்ததை எல்லாம் பிரித்தே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும்.

'காண்க'களைச் சரிபார்த்தது தனி வேலை. எல்லாக் 'காண்க' இலக்குகளையும் ஒரு பத்தியில் வைத்து, ஒவ்வொன்றும் பக்க எண்ணோடு ஒரு தலைச்சொல்லாக உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தோம். ஏழு இலக்குகளைக் காணோம். நான் 'லயத்து வீடு' என்பதை நடுவில் 'லயம்' என்று சுருக்கியிருக்கிறேன், அனுப்பிய வழிகளை மாற்ற மறந்துவிட்டேன். இன்னும் மோசம், 'கள்ளச்சாராயம், காண்க: சம்சு' என்றும் 'சம்சு, காண்க: கள்ளச்சாராயம்' என்றும் இரண்டும் இருந்தது. முதல் வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் வாரம் மனசு மாறியதன் தடயம். வாசகர் இரண்டு வரிக்கு நடுவில் பந்து மாதிரி உருண்டுகொண்டிருப்பார்.

அப்புறம் அச்சகத்திலிருந்து மூன்றாவது மெய்ப்பு. ஆறாவது கட்டுரையில் 138ஆம் பக்கத்தில் இருந்த வரைபடத்தை நூலின் முன்பக்கத்துக்குத் தூக்கிவிட்டார்கள், யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பக்கம் குறைந்தது, அதற்கப்புறம் எல்லாவற்றிலும் 1 கழித்தால் சரி என்று கழித்தேன். நல்லவேளை, சும்மா ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏழாவது கட்டுரையிலிருந்து எல்லாம் தவறு. கட்டுரைகள் வலப்பக்கத்தில்தான் தொடங்கும். முன்பு ஆறாவது கட்டுரை 151இல் முடிந்து, 152 காலி, 153இல் ஏழாவது. இப்போது 150இல் முடிகிறது, 151இலேயே ஏழாவது தொடங்கிவிடுகிறது, காலிப் பக்கமே தேவைப்படவில்லை. ஆக ஆறாவது கட்டுரைக்குள் மட்டும் 1, அதற்குப் பிறகு முழுக்க 2. கட்டுரை எண் பத்தி இருந்ததால் ஆறு, ஆறுக்கு மேல் என்று வடிகட்டிப் பத்து நிமிடத்தில் முடித்தேன். வரைபடத்தைத் தாண்டி நீண்ட பக்க வரம்புகளில் தொடக்கம் அப்படியே, முடிவு மட்டும் மாறும், அவற்றை மட்டும் கையால். பிறகு ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் ஐந்து வரி எடுத்து அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டேன்.

நூல் வெளியீட்டில், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்ததாகச் சொன்ன ஓர் அம்மா நூலை வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கங்களைத் திறந்தார். ஆயாக்கொட்டகை இருக்கிறதா என்று ஆ-வில் தேடினார், இல்லை. "பிள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போவோமே, அதப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்றார். எழுதியிருக்கிறது, நாலு பக்கம் முழுசாக. நான்தான் கட்டுரையாளரின் சொல்லை அப்படியே எடுத்துக் 'குழந்தைப் பராமரிப்பு' என்று கு-வில் வைத்துவிட்டு, ஆ-வில் ஒரு 'காண்க' போடாமல் விட்டிருக்கிறேன். பக்கத்தைப் புரட்டி எடுத்துக் கொடுத்தேன், நின்றுகொண்டே படித்தார். என் பிரதியில் ஆ-வுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டாம் அச்சு வந்தால் சேர்க்க வேண்டும்.